ஷிஃப்ட்டில் எவ்வளவு குடிக்க வேண்டும்? கல்லடைப்பு திரும்பாமல் இருக்க ஒரு கணக்கு

கம்மாபுரம் பக்கத்து ஊர்களிலிருந்து நெய்வேலி இரண்டாம் சுரங்கத்துக்கு வேலைக்குப் போகிறவர்களில் ஒருமுறை கல்லடைப்பு வந்தவர்களிடம் பேசிப் பாருங்கள். "டாக்டர் மூணு லிட்டர் தண்ணி குடிக்கச் சொன்னார், குடிக்கிறேன். ஆனா மறுபடியும் வந்துடுச்சு" என்ற பேச்சு அடிக்கடி காதில் விழும். அவர் குடிக்கத்தான் செய்கிறார். மின்விசிறிக்கடியில் உட்கார்ந்து வேலை பார்ப்பவருக்கு அந்த மூன்று லிட்டர் போதும். மே மாதத்தில் திறந்தவெளிச் சுரங்கத்தில் பெல்ட் பராமரிப்பு வேலை செய்பவருக்கு அதில் பெரும்பகுதி வியர்வையாகப் போய்விடும். சிறுநீரகத்துக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான்.

எனவே முதலில் கணக்கை மாற்றிக்கொள்ளுங்கள். எவ்வளவு குடித்தீர்கள் என்பதைவிட எவ்வளவு சிறுநீர் போனது என்பதுதான் முக்கியம். அமெரிக்கச் சிறுநீரியல் சங்கத்தின் வழிகாட்டுதல், கல் வந்த ஒவ்வொருவரும் நாளொன்றுக்குக் குறைந்தது இரண்டரை லிட்டர் சிறுநீர் போகும் அளவுக்குக் குடிக்க வேண்டும் என்கிறது. அதற்கு எவ்வளவு குடிக்க வேண்டும் என்பது வேலையையும் வெயிலையும் பொறுத்து ஆளுக்கு ஆள் மாறும். உங்களுக்கான அளவை நீங்களே கண்டுபிடிக்கலாம். அதற்கு ஒரு எடை பார்க்கும் மெஷினும் ஒரு அளவு பாட்டிலும் இருந்தால் போதும்.

சூட்டில் வேலை செய்பவருக்கு ஏன் அதிகம் வருகிறது

வெப்பத்தில் வேலை செய்பவர்களுக்குக் கல் அதிகம் வருவது பல இடங்களில் அளந்து பார்க்கப்பட்டிருக்கிறது. இத்தாலியின் பார்மா நகரில் ஒரு கண்ணாடித் தொழிற்சாலையில் உலையருகே நின்ற மெஷின் ஆட்களையும், அதே ஆலையில் சாதாரண சூட்டில் வேலை செய்தவர்களையும் மருத்துவர் லோரிஸ் போர்கி குழுவினர் ஒப்பிட்டு 1993இல் எழுதினார்கள். உலையருகே நின்றவர்களில் 8.5 விழுக்காட்டினருக்குக் கல் இருந்தது. மற்றவர்களில் 2.4 விழுக்காட்டினருக்குத்தான் இருந்தது. பிரேசில் நாட்டின் ஒரு எஃகு ஆலையில் நடந்து 2005இல் வெளியான ஆய்விலும் இதே நிலைதான். சூடான பகுதியில் இருந்தவர்களுக்குக் கல் வந்த விகிதம் மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். தென்னிந்திய எஃகு ஆலை ஒன்றில் சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் வித்யா வேணுகோபால் குழுவினர் செய்த ஆய்வு 2020இல் வெளியானது. ஸ்கேன் செய்யப்பட்ட தொழிலாளர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்குக் கல் இருந்தது. கல் இருந்தவர்களில் பெரும்பாலோர் கடும் வெப்பத்தில் வேலை செய்தவர்கள்.

காரணம் எளியது. உடம்பு தினமும் ஏறக்குறைய ஒரே அளவு கால்சியத்தையும் ஆக்சலேட்டையும் சிறுநீர் வழியாக வெளியேற்றுகிறது. சிறுநீர் குறைந்தால் இரண்டும் கெட்டியாகின்றன. ஒரு நாளில் ஒரு லிட்டர் சிறுநீர் போனவருக்கு அது இரண்டரை லிட்டராக உயர்ந்தால், கால்சியத்தின் அடர்த்தி இரண்டரை மடங்கு குறையும். ஆக்சலேட்டின் அடர்த்தியும் அப்படியே குறையும். இரண்டும் சேர்ந்துதான் கல்லாகின்றன என்பதால், இரண்டையும் பெருக்கிப் பார்த்தால் கல் உருவாகும் அழுத்தம் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்காகிவிடுகிறது. இதற்கு ஈடாகச் செலவில்லாத மருந்து வேறில்லை.

வியர்த்து ஒழுகும் உடம்பில் இன்னொன்றும் நடக்கிறது. சிறுநீரில் அமிலத்தன்மை கூடும். யூரிக் அமிலம் கரையாமல் படியும். பார்மா ஆய்வில் உலையருகே வேலை செய்து கல் வந்தவர்களில் மூன்றில் ஒருவருக்கும் மேல் யூரிக் அமிலக் கல் இருந்தது. சாதாரண மக்களிடம் அந்த வகை இவ்வளவு அதிகமாக இருப்பதில்லை. ஆகவே உங்கள் கல் விழுந்தால் அதைத் தூக்கி எறியாதீர்கள். ஒரு டப்பாவில் போட்டு டாக்டரிடம் கொடுத்துப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். யூரிக் அமிலக் கல் என்று தெரிந்தால் சிறுநீரின் அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை கொடுத்தே பல நேரங்களில் அதைக் கரைக்க முடியும். கால்சியம் ஆக்சலேட் கல் அப்படிக் கரையாது.

தண்ணீர் குடித்தால் கல் திரும்புவது குறையுமா

அதே போர்கி, முதல்முறை கால்சியக் கல் வந்த 199 பேரை இரு குழுக்களாகப் பிரித்து ஐந்து ஆண்டுகள் பின்தொடர்ந்தார். முடிவை 1996இல் வெளியிட்டார். ஒரு குழுவுக்கு நாளொன்றுக்கு இரண்டு லிட்டருக்குக் குறையாமல் சிறுநீர் போகும்படி தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள். மற்ற குழுவுக்கு எந்த அறிவுரையும் இல்லை. ஐந்து ஆண்டுகளில் தண்ணீர் குடித்த குழுவில் 100க்கு 12 பேருக்கு மட்டுமே கல் திரும்பியது. மற்ற குழுவில் 100க்கு 27 பேருக்குத் திரும்பியது. திரும்பியவர்களிலும் தண்ணீர் குடித்தவர்களுக்கு அது தாமதமாகவே வந்தது. அவர்களுக்குச் சராசரியாக 39 மாதங்களும் மற்றவர்களுக்கு 25 மாதங்களும் பிடித்தன.

ஒருமுறை கல் வந்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்குப் பத்தாண்டுகளுக்குள் மறுபடியும் வரும் என்று மருத்துவர்கள் சொல்வதுண்டு. தண்ணீரால் அந்த ஆபத்தைப் பாதிக்கும் கீழே இறக்க முடிந்தது என்பதே இந்த ஆய்வு தரும் செய்தி. ஆனால் தண்ணீர் எல்லாரையும் காப்பாற்றவில்லை. அந்தக் குழுவிலும் 12 பேருக்குக் கல் வந்தது. எனவே தண்ணீர் ஒழுங்காகக் குடித்தும் கல் திரும்பினால் அலட்சியம் வேண்டாம். இருபத்து நான்கு மணி நேரச் சிறுநீர்ப் பரிசோதனை செய்து வேறு காரணம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்ல வேண்டும்.

உங்கள் கணக்கை நீங்களே போடுங்கள்

ஒரு காண்ட்ராக்ட் தொழிலாளியை எடுத்துக்கொள்வோம். எடை 64 கிலோ. கன்வேயர் பெல்ட்டின் ரோலர் மாற்றுவது, சிந்திய நிலக்கரியை வாருவது அவர் வேலை. அக்னி நட்சத்திரத்தில் காலை 6 மணி ஷிஃப்ட். போகும்போது எடை பார்க்கிறார்: 64.0 கிலோ. ஷிஃப்ட் முடிந்து வியர்வையைத் துடைத்துவிட்டு, அதே அளவு துணியோடு மறுபடியும் எடை பார்க்கிறார்: 63.2 கிலோ. இடையில் அவர் குடித்தது ஒன்றரை லிட்டர். சாப்பிட்ட டிபன் 400 கிராம். போன சிறுநீர் 300 மில்லி.

குறைந்த எடையோடு குடித்ததையும் சாப்பிட்டதையும் கூட்டி, சிறுநீரைக் கழித்தால் வியர்வை கிடைக்கும். 0.8, 1.5, 0.4 மூன்றையும் கூட்டினால் 2.7. அதில் 0.3ஐக் கழித்தால் 2.4. அதாவது அந்த எட்டு மணி நேரத்தில் அவர் உடம்பிலிருந்து 2.4 லிட்டர் வியர்வை போயிருக்கிறது.

அவர் நாள் முழுக்கக் குடிப்பது மொத்தம் 3 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். வியர்வைக்கு 2.4 போக மிஞ்சுவது 600 மில்லிதான். மூச்சிலும் தோலிலும் போகும் நீரைச் சோறு, குழம்பு, காய்கறியிலிருந்து கிடைக்கும் நீர் ஏறக்குறைய ஈடுகட்டிவிடும் என்பதால் அதைத் தனியாகக் கணக்கில் எடுக்க வேண்டியதில்லை. ஆக இவர் அறிவுரைப்படி மூன்று லிட்டர் குடித்தும், சிறுநீர் முக்கால் லிட்டருக்கும் கீழே நிற்கிறது. கல் வளர்வதற்கு அந்த அளவு போதும்.

இவருக்கு வேண்டியது வியர்வை 2.4, சிறுநீர் 2.5. இரண்டையும் கூட்டினால் ஏறத்தாழ 5 லிட்டர். வேலையில்லாத நாளில், வியர்க்காமல் வீட்டில் இருந்தால், மூன்று லிட்டரே போதும். மார்கழியில் அதே வேலையைச் செய்தால் நான்கு லிட்டருக்கும் குறைவாகவே இருக்கலாம். பருவத்துக்கு ஒருமுறை, அதாவது மே மாதத்தில் ஒரு நாளும் டிசம்பரில் ஒரு நாளும், இப்படி எடை பார்த்தால் போதும். ஏசி கேபினில் உட்கார்ந்து இயந்திரம் ஓட்டுபவரும் வெளியே பெல்ட் அருகே நிற்பவரும் ஒரே சுரங்கத்தில் இருந்தாலும் இருவருக்கும் ஒரே அளவு பொருந்தாது.

ஐந்து லிட்டரை நாளில் எப்படிப் பிரிப்பது

ஒரே மூச்சில் ஒரு லிட்டர் குடித்தால் அது விரைவில் சிறுநீராகிப் போய்விடும். அடுத்த நான்கு மணி நேரம் மறுபடியும் கெட்டிச் சிறுநீர்தான். சிறுநீர் நாள் முழுக்க நீர்த்திருக்க வேண்டும். காலை ஷிஃப்ட்காரருக்கு ஒரு பிரிப்பு இதோ:

- எழுந்ததும், கிளம்புவதற்கு முன்: 500 மில்லி.
- ஷிஃப்ட்டில்: 45 நிமிடத்துக்கு ஒரு 250 மில்லி டம்ளர். ஷிஃப்ட்டுக்குப் பத்து டம்ளர், அதாவது இரண்டரை லிட்டர்.
- வீட்டுக்கு வந்து மதியச் சாப்பாட்டோடு: 500 மில்லி.
- மாலை முதல் இரவுச் சாப்பாடு வரை: ஒரு லிட்டர்.
- படுக்கும் முன்: 300 மில்லி.
- இரவில் சிறுநீர் கழிக்க எழுந்தால், திரும்பப் படுக்கும்போது: 200 மில்லி.

இரவு ஷிஃப்ட்காரருக்கு நேரம் தலைகீழாகும். அவர்களிடம் நடக்கும் தவறு வேறு. வேலையில் ஓரளவு குடிக்கிறார்கள். காலையில் வந்து ஒரு டீ குடித்துவிட்டு ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கடியில் வியர்த்தபடி மதியம் வரை தூங்குகிறார்கள். அந்த ஏழெட்டு மணி நேரமும் உள்ளே எதுவும் போவதில்லை. கட்டிலருகே ஒரு லிட்டர் பாட்டில் வைத்து, படுக்கும் முன் 300 மில்லி குடியுங்கள். தூக்கத்தில் ஒருமுறை சிறுநீர் கழிக்க எழ நேர்ந்தால் அது தொந்தரவு இல்லை, சரியாகக் குடித்திருக்கிறீர்கள் என்பதற்கு அடையாளம்.

ஒரு எச்சரிக்கை. ஒரு மணி நேரத்தில் ஒன்றேகால் லிட்டருக்கு மேல் வெறும் தண்ணீர் குடிக்கக் கூடாது. அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியாஷ் இதைவிடச் சற்றே கூடுதலாக, ஏறத்தாழ 1.4 லிட்டரை உச்சமாகச் சொல்கிறது. அதற்கு மேல் போனால் ரத்தத்தில் சோடியம் குறைந்து தலைவலி, வாந்தி, குழப்பம் வரலாம். கொஞ்சம் கொஞ்சமாக, இடைவிடாமல் குடிப்பதே சரி.

எதைக் குடித்தால் நல்லது, எதைக் குறைக்க வேண்டும்

தண்ணீர்தான் முதலிடத்தில் இருக்கிறது. "உப்புத் தண்ணி குடித்தால் கல் வரும்" என்ற பயத்தில் சிலர் போர் தண்ணீரைக் கண்டால் குறைவாகக் குடிக்கிறார்கள். கடினத்தன்மையுள்ள நீரால் கல் வருகிறது என்பதற்கு ஆய்வுகளில் உறுதியான ஆதாரம் இல்லை. அந்தப் பயத்தில் குறைவாகக் குடிப்பதுதான் ஆபத்து. சுவை பிடிக்காவிட்டால் வடிகட்டியோ, எலுமிச்சை பிழிந்தோ குடியுங்கள். எதைக் குடித்தாலும் அளவு குறையக் கூடாது.

எலுமிச்சை பற்றி உண்மையைச் சொல்ல வேண்டும். அதிலுள்ள சிட்ரேட் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு கல் சேராமல் தடுக்கும். ஆனால் இத்தாலியின் பெர்கமோவில் நடந்து 2022இல் வெளியான ஆய்வில் கொடுத்தது நாளொன்றுக்கு 120 மில்லி சாறு. நம் ஊர்ச் சிறிய எலுமிச்சையில் ஒன்றுக்கு இருபது மில்லி வரும் என்றால் ஆறு பழம். இரண்டு ஆண்டுகளில் குடித்தவர்களில் கல் திரும்புவது குறைந்ததுபோல் தெரிந்தாலும், வித்தியாசம் உறுதியாகச் சொல்லும்படி இல்லை. நாளடைவில் ஏறத்தாழ பாதிப் பேர் குடிப்பதை விட்டுவிட்டது அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். எனவே ஷிஃப்ட் பாட்டிலில் ஒரு பழம் பிழிவது நல்லதுதான். ஆனால் அதுவே மருந்து என்று எண்ணி மற்றத் தண்ணீரைக் குறைக்காதீர்கள். சர்க்கரை போடாதீர்கள். உப்பும் ஒரு சிட்டிகைதான். சிட்ரேட் உண்மையில் குறைவாக இருப்பவருக்கு டாக்டர் பொட்டாசியம் சிட்ரேட் எழுதித் தருவார்.

மோர் நல்லது, உப்பைக் குறைத்துக் கொண்டால். சோடியம் சிறுநீரில் கூடும்போது கால்சியமும் சேர்ந்து அதிகமாக வெளியே போகிறது. நிறைய வியர்க்கும் நாளில் கொஞ்சம் உப்பு உடம்புக்கு வேண்டியிருக்கும், அதை மோரிலோ நீராகாரத்திலோ எடுக்கலாம். ஆனால் வீட்டில் உட்கார்ந்திருக்கும் நாளிலும் அதே உப்பு மோர் தேவையில்லை. கடையில் ஓ.ஆர்.எஸ் பாக்கெட் வாங்கினால் அது வயிற்றுப்போக்குக்கும் மிகக் கடுமையான வியர்வைக்கும் உரியது. நாள் முழுக்கத் தண்ணீருக்குப் பதிலாகக் குடிக்கும் பானம் அல்ல.

பாலையும் தயிரையும் கல் வந்தவர் நிறுத்த வேண்டியதில்லை. இது பலரும் தவறாகப் புரிந்துகொண்ட இடம். சாப்பாட்டோடு கால்சியம் உள்ளே போனால் அது குடலிலேயே ஆக்சலேட்டைப் பிடித்துக்கொண்டு மலத்தோடு போய்விடும். கால்சியத்தை நிறுத்தினால் ஆக்சலேட் கட்டின்றி ரத்தத்தில் ஏறுகிறது. போர்கி குழுவினரே 2002இல் இதைச் சோதித்தார்கள். சிறுநீரில் கால்சியம் அதிகமாகப் போன 120 ஆண்களில் கால்சியத்தைக் குறைத்துச் சாப்பிட்ட குழுவைவிட, கால்சியம் வழக்கமாக எடுத்து உப்பையும் மாமிசத்தையும் குறைத்த குழுவுக்கே கல் திரும்புவது பாதியாகக் குறைந்தது. பண்ருட்டிப் பக்க முந்திரி விருந்துகளில் இதை மனதில் வையுங்கள். முந்திரியில் ஆக்சலேட் அதிகம். கையளவு முந்திரியோடு ஒரு டம்ளர் மோரோ தயிரோ சேர்த்துக்கொள்வது நல்லது.

டீயைப் பற்றி அஞ்ச வேண்டாம். ஏறத்தாழ இரண்டு லட்சம் அமெரிக்கர்களைப் பின்தொடர்ந்து 2013இல் வெளியான ஆய்வில், தினமும் டீ குடித்தவர்களுக்குக் கல் வரும் ஆபத்து 11 விழுக்காடு குறைவாகவும், காப்பி குடித்தவர்களுக்கு 26 விழுக்காடு குறைவாகவும் இருந்தது. நம் டீக்கடையில் பிரச்சினை சர்க்கரைதான். ஒரு டீயில் இரண்டு ஸ்பூன் போட்டால் பத்து கிராம். ஷிஃப்ட்டுக்கு ஆறு டீ என்றால் அறுபது கிராம். டீயின் எண்ணிக்கையைக் குறைக்க முடியாவிட்டால் "சக்கரை கம்மியா" என்று கேட்டு வாங்குங்கள். கல் வந்தவர்கள் பால் சேர்க்காத கட்டன் டீயைப் பெரிய அளவில் குடிக்காமல் இருப்பது நல்லது. அதில் ஆக்சலேட் உண்டு.

குறைக்க வேண்டியவை சர்க்கரைப் பானங்கள். மேலே சொன்ன அதே ஆய்வில், வாரத்துக்கு ஒன்று கூடக் குடிக்காதவர்களோடு ஒப்பிட்டால், தினமும் ஒன்றாவது குடித்தவர்களுக்குச் சர்க்கரைக் கோலாவால் 23 விழுக்காடும், கோலா அல்லாத சர்க்கரைப் பானங்களால் 33 விழுக்காடும் ஆபத்து கூடியது. பானத்தில் உள்ள பிரக்டோஸ் சிறுநீரில் கால்சியத்தையும் யூரிக் அமிலத்தையும் கூட்டுகிறது. ஷிஃப்ட் முடிந்து மந்தாரக்குப்பம் பேருந்து நிறுத்தத்தில் குடிக்கும் பாட்டில் மாம்பழ ஜூஸ், பன்னீர் சோடா, எனர்ஜி டிரிங்க் எல்லாம் இந்த வகையில் அடங்கும். கரும்புச் சாறும் சர்க்கரைதான். தாகத்துக்கு முதலில் இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு, பிறகும் ஆசை இருந்தால் வாரத்தில் ஒருநாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இளநீரில் பொட்டாசியமும் சிட்ரேட்டைக் கூட்டும் தன்மையும் உண்டு. ஒரு நாளுக்கு ஒன்று தாராளமாகக் குடிக்கலாம். சிறுநீரகம் ஏற்கெனவே பலவீனமாக இருப்பவரும், பொட்டாசியம் கூட்டும் ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவரும் டாக்டரிடம் கேட்டுவிட்டுக் குடிக்க வேண்டும். வாழைத்தண்டுச் சாற்றில் நம்பிக்கை வைப்பவர்கள் ஏராளம். அதில் நீர் இருக்கிறது, அந்த நீர் உதவுகிறது. இருக்கிற கல்லை அது கரைக்கும் என்பதற்கு மனிதரில் நல்ல ஆதாரம் இல்லை. கல் வலியில் சாறு மட்டும் குடித்துக்கொண்டு ஸ்கேனைத் தள்ளிப்போடக் கூடாது.

பீர் குடித்தால் கல் விழும் என்ற பேச்சுக்கும் பதில் வேண்டும். இரண்டு லட்சம் பேரைப் பின்தொடர்ந்த அதே ஆய்வில் பீர் குடித்தவர்களுக்குக் கல் 41 விழுக்காடு குறைவாக இருந்தது உண்மைதான். அதிகச் சிறுநீர் போனதே காரணமாக இருக்கலாம். ஆனால் பீர் யூரிக் அமிலத்தைக் கூட்டும். வெப்பத்தில் வேலை செய்பவருக்கு யூரிக் அமிலக் கல் அதிகம் என்பதை மேலே பார்த்தோம். வலி வந்தபோது பீர் குடித்து, ஓடும் இயந்திரத்தருகே மறுநாள் தள்ளாடி நிற்பது உயிருக்கே ஆபத்து. சிறுநீரைக் கூட்டும் வேலையைத் தண்ணீரே செய்யும்.

சரியாகக் குடிக்கிறேனா என்று எப்படித் தெரியும்

நம்பகமான வழி இருபத்து நான்கு மணி நேரச் சேகரிப்பு. விடுமுறை நாளில் இல்லாமல் வழக்கமான வேலை நாளில் செய்ய வேண்டும். காலையில் எழுந்ததும் முதல் சிறுநீரைக் கழிப்பறையில் விட்டுவிடுங்கள். அதன் பிறகு போகிற ஒவ்வொரு துளியையும், மறுநாள் காலை எழுந்ததும் போகிற முதல் சிறுநீர் வரைக்கும், ஒரு ஐந்து லிட்டர் கேனில் சேருங்கள். சேர்ந்தது இரண்டரை லிட்டருக்குக் குறைந்தால் குறைவதைக் கவனியுங்கள். 1.7 லிட்டர் என்றால் 800 மில்லி குறைகிறது. அந்த 800ஐ மறுநாளிலிருந்து ஷிஃப்ட்டில் மூன்று டம்ளராகக் கூட்டுங்கள். அதே கேனை லேபுக்குக் கொடுத்தால் கால்சியம், ஆக்சலேட், சிட்ரேட், யூரிக் அமிலம் எல்லாம் தெரியும். ஆனால் லேபுக்குக் கொடுக்கும் கேனில் அவர்கள் போடச் சொல்லும் மருந்து இருக்கும். அதை முன்னதாகவே அவர்களிடம் வாங்க வேண்டும்.

தினசரி கவனிப்புக்கு நிறம் போதும். வெளிறிய மஞ்சளோ, கிட்டத்தட்ட நிறமில்லாமலோ இருந்தால் சரி. தேன் நிறத்தில் வந்தால் அந்த மணி நேரத்திலேயே இரண்டு டம்ளர் குடியுங்கள். பி காம்ப்ளக்ஸ் மாத்திரை சாப்பிட்ட அன்றும் பீட்ரூட் சாப்பிட்ட அன்றும் நிறத்தை நம்ப வேண்டாம். ஷிஃப்ட்டில் ஆறு மணி நேரமாகச் சிறுநீரே வரவில்லை என்றால் நிச்சயமாகக் குறைவாகக் குடித்திருக்கிறீர்கள்.

வேலை இடத்தில் கேட்க வேண்டியவை

எட்டு மணி நேரத்தில் இரண்டரை லிட்டர் குடிக்கச் சொல்வது எளிது. கையருகே தண்ணீர் இல்லாவிட்டால் முடியாது. 1952ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டத்தின் 19ஆம் பிரிவு, சுரங்கத்தில் வேலை செய்யும் எல்லாருக்கும் குளிர்ந்த, நலமான குடிநீர் தர வேண்டும், அந்த இடம் தொழிலாளர்கள் புரிந்துகொள்ளும் மொழியில் எழுதப்பட்டிருக்க வேண்டும், கழிப்பிடத்திலிருந்து ஆறு மீட்டருக்குள் இருக்கக் கூடாது என்று வகுத்தது. அதன் கீழ் வந்த விதிகள் ஒரு நேரத்தில் வேலையிலிருக்கும் ஒவ்வொருவருக்கும் குறைந்தது இரண்டு லிட்டர் என்ற அளவைச் சொல்லின. புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் குடிநீரும் கழிப்பிடமும் முதலாளியின் கடமையே. நம் கணக்கில் வந்த தொழிலாளி வியர்வையாக மட்டும் 2.4 லிட்டர் இழந்தார். ஆகவே அந்த இரண்டு லிட்டர் குறைந்தபட்சம் என்பதை மனதில் வைத்துப் பேசுங்கள்.

சூப்பர்வைசரிடம் கேட்க மூன்று விஷயங்கள் போதும். பெல்ட்டிலிருந்து தண்ணீர் கேன் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கேளுங்கள். ஐந்து நிமிடத்தில் போய்த் திரும்பும் தூரத்தில் இல்லாவிட்டால் ஆளுக்கு இரண்டு லிட்டர் பாட்டில் வேலை இடத்துக்கே கொண்டுபோக அனுமதி வாங்குங்கள். மே, ஜூன் மாதங்களில் கேனை எத்தனை மணிக்கு மறுபடியும் நிரப்புகிறார்கள் என்று கேளுங்கள். நண்பகலில் காலியாகும் கேன் பயன்படாது. பெண்களுக்குக் கழிப்பிடம் எங்கே என்று கேளுங்கள். கழிப்பிடம் இல்லாத இடத்தில் பெண் தொழிலாளர்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். அது கல்லுக்கும் சிறுநீர்த் தொற்றுக்கும் வழி. இது அவர்களுடைய தனிப்பட்ட கூச்சம் என்று விட்டுவிடாமல், வேலைப் பாதுகாப்புக் கூட்டத்தில் பேச வேண்டிய விஷயம்.

கல் வந்து தேறியவர் பணிக்குத் திரும்பும்போது டாக்டரிடம் சான்றிதழோடு ஒரு வரி கூடுதலாக எழுதித் தரச் சொல்லலாம்: வெப்பப் பகுதியில் வேலை செய்தால் மணிக்கு ஒருமுறை தண்ணீர் இடைவேளை தேவை என்று. வாயால் சொல்வதைவிட எழுத்தில் இருந்தால் அடுத்த சூப்பர்வைசர் வந்தாலும் அது நிற்கும்.

யாருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, எப்போது ஓட வேண்டும்

இதய பலவீனம் உள்ளவர், சிறுநீரகச் செயலிழப்பு உள்ளவர், டயாலிசிஸ் செய்பவர், கால் வீங்குபவர் இந்த அளவைத் தாமாகக் கூட்டக் கூடாது. அவர்களுக்கு டாக்டர் சொன்ன அளவே சரி. நீர் மாத்திரை சாப்பிடுபவரும் கேட்டுவிட்டு ஆரம்பிக்க வேண்டும்.

வலி வந்த அந்த நேரத்தில் லிட்டர் கணக்கில் தண்ணீர் குடித்துக் கல்லைத் தள்ள முயலாதீர்கள். வழி அடைத்திருந்தால் பின்னால் சேரும் சிறுநீர் வலியைக் கூட்டும். தாகத்துக்கு மட்டும் குடியுங்கள். விலாவில் ஆரம்பித்து அடிவயிறு வரைக்கும் இறங்கும் வலியோடு காய்ச்சலோ குளிரோ வந்தால், சிறுநீர் நின்றுபோனால், வாந்தியால் எதுவும் தங்காவிட்டால், அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அடைப்போடு தொற்று சேர்ந்தால் சில மணி நேரத்திலேயே உயிருக்கு ஆபத்தாகும். ஒரே சிறுநீரகம் உள்ளவருக்கு வலி மட்டும் போதும், உடனே போக வேண்டும்.

அடுத்த வேலை நாளுக்கு முன் செய்ய வேண்டியது இவ்வளவுதான். ஷிஃப்ட்டுக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு நாள் சிறுநீரை அளந்து பாருங்கள். இரண்டரை லிட்டருக்குக் குறைவது எவ்வளவோ அதை ஷிஃப்ட் டம்ளர்களில் கூட்டுங்கள். ஆறு வாரம் கழித்து மறுபடியும் அளந்து, எட்டியிருந்தால் அதே அளவில் நில்லுங்கள். எட்டாவிட்டால் மறுபடியும் கூட்டுங்கள்.